உட்கார்ந்தவருக்குக் குர்த்தி மாட்டினால் ஏன் ரப்பர் போல இழுபடுகிறது?

"காலேஜ் ப்ராஜெக்டுக்கு விர்ச்சுவல் ட்ரை-ஆன் செய்கிறேன். கேட்லாக் படத்தில் இருக்கும் குர்த்தியை டிபிஎஸ் வார்ப் போட்டு ஆள் படத்தின் மேல் ஒட்டுகிறேன். நேராக நிற்கிற படங்களில் நன்றாக வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் திரும்பியிருக்கிற படங்களில் மட்டும் துணி ரப்பர் போல இழுபட்டுக் கட்டங்கள் எல்லாம் கோணலாகிவிடுகின்றன. இப்போது 5×5 கிரிட். 10×10 ஆக்கினால் சரியாகுமா?"

ஆகாது. இன்னும் மோசமாகத்தான் ஆகும், 12×12 வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். புள்ளிகள் கூடினால் ஓரம், துணி இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க்கோடு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும், அதைப் பார்த்து நமக்கும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற கட்டங்கள் அலை அலையாக நெளிய ஆரம்பித்துவிடும்.

டிபிஎஸ் என்பது தின்-பிளேட் ஸ்ப்ளைன். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: மெல்லிய உலோகத் தகட்டைச் சில புள்ளிகளில் பிடித்து வளைத்தால் மற்ற இடங்கள் எப்படி வளையுமோ அந்தக் கணக்கு. 1989-இல் புக்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதை உயிரியல் வடிவங்களை ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டார், எலும்பு, மண்டையோடு மாதிரியான விஷயங்களுக்கு. அங்கே ஒரு வடிவத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இன்னொன்றில் ஒரு ஜோடி இருக்கும், எதுவும் காணாமல் போகாது. துணி அப்படி இல்லை. ஆள் திரும்பினால் குர்த்தியின் ஒரு பகுதி உடம்புக்குப் பின்னால் போய் மறையும். உட்கார்ந்தால் பக்கவாட்டு ஸ்லிட் விரிந்து, ஒட்டியிருந்த இரண்டு துண்டுகள் பிரியும். கையை மடியில் வைத்தால் ஸ்லீவ் உடல் துணியின் மேலேயே வந்து உட்காரும். மறைவது, பிரிவது, மேலேறுவது, இந்த மூன்றில் ஒன்றைக்கூட ஒற்றைத் தகட்டால் செய்ய முடியாது. முடியாததைச் செய்யச் சொன்னால் அதற்குத் தெரிந்த ஒரே வேலையான இழுப்பதையும் நசுக்குவதையும்தான் செய்யும். நீங்கள் பார்க்கிற ரப்பர் அதுதான்.

"ட்ரெயின் செய்த மாடல்தானே, கற்றுக்கொள்ளாதா?" என்று தோன்றும். CP-VTON மாதிரியான மாடல்களில் வார்ப் பகுதி 25 புள்ளிகளுக்கு ஆளுக்கு இரண்டு எண் என்று மொத்தம் 50 எண்களைக் கணிக்கிறது. அது சரியா தவறா என்று பார்ப்பது, வார்ப் ஆன துணிக்கும் ஆள் உண்மையில் போட்டிருந்த துணிக்கும் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள வித்தியாசத்தை வைத்து. துணி ஒரே நிறமாக இருந்தால் உள்ளே எது எங்கே போனாலும் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம், ஓரம் மட்டும் பொருந்தினால் போதும். ஆக, மாடல் பெரும்பாலும் ஓரத்தைப் பொருத்தத்தான் கற்றுக்கொள்கிறது. அது பார்த்து வளர்ந்த VITON, VITON-HD படங்களும் பெரும்பாலும் நேராக நிற்கும் பெண்கள்தான். நாற்காலியையே பார்க்காத மாடலிடம் நாற்காலியில் இருப்பவரைக் கொடுத்துவிட்டுக் கோபப்பட்டுப் பயனில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஓரத்திலிருந்து யோசிப்பதை விட்டுவிட்டு உடம்பிலிருந்து யோசியுங்கள். "இந்தத் துணிப் புள்ளி எங்கே போகும்" என்று கேட்காமல், "படத்தில் இந்த பிக்சலில் தெரிவது உடம்பின் எந்த இடம், அந்த இடத்தில் குர்த்தியின் எந்த அங்குலம் இருக்கும்" என்று திருப்பிக் கேளுங்கள். இப்படிக் கேட்டால் மறைவது தானாகச் சரியாகிவிடும், ஏனென்றால் மறைந்த துணியை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சென்டிமீட்டர் கட்டம் போட்ட குர்த்தி, நடுவில் பட்டன் பட்டி, தோளிலிருந்து நீளம் 100 செ.மீ. பெண் நாற்காலியில் உட்கார்ந்து படத்தின் வலது பக்கமாக 40 டிகிரி திரும்பியிருக்கிறார். வலது கை மடியில்.

முதலில் திரும்புவதை மட்டும் பார்ப்போம். மார்புப் பகுதியைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய நீள்வட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்: பாதி அகலம் 16 செ.மீ., பாதி ஆழம் 11 செ.மீ. சுற்றளவு 85 செ.மீ. சொச்சம் வரும், நம்பக்கூடிய அளவுதான். பட்டன் பட்டியிலிருந்து பக்கத் தையல் வரை துணி ஒவ்வொரு பக்கமும் 21.4 செ.மீ. இந்த நீள்வட்டத்தை 40 டிகிரி திருப்பினால் கேமராவுக்குத் தெரியும் அகலம் 28.3 செ.மீ. பட்டன் பட்டி நடுவில் இருக்காது, இடது ஓரத்திலிருந்து 21.2, வலது ஓரத்திலிருந்து 7.1 செ.மீ. என்று வரும். அதாவது சரியாக மூன்றுக்கு ஒன்று. திரும்பிய படத்தில் பட்டன் பட்டி முக்கால் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சரிபார்த்தாலே பாதிப் பிழை கண்ணில் பட்டுவிடும். மாடல் கொடுக்கிற படத்தில் அது பெரும்பாலும் நடுவுக்கும் முக்காலுக்கும் இடையில் எங்கேயோ திண்டாடிக்கொண்டு நிற்கும்.

இப்போது அந்த 7.1 செ.மீ. பக்கத்தைக் கவனியுங்கள், விஷயமே அங்கேதான். அந்தப் பக்கம் துணி 21.4 செ.மீ. இருக்கிறது. ஆனால் அதில் கேமராவுக்குத் தெரிவது பட்டன் பட்டியை ஒட்டிய 15.4 செ.மீ. மட்டும்தான், மீதி 6 செ.மீ. வளைவுக்குப் பின்னால் போய்விட்டது. தெரிகிற 15.4-உம் சமமாகச் சுருங்குவதில்லை. இரண்டு செ.மீ. கட்டம் பட்டன் அருகே ஒன்றரை செ.மீ. ஆகத் தெரியும், கொஞ்சம் தள்ளி ஒரு செ.மீ.க்கும் கீழே, இன்னும் தள்ளி அரை செ.மீ., ஓரத்தில் வெறும் கோடு. டிபிஎஸ் என்ன செய்கிறது? ஓரத்துக்கு ஓரம் பொருத்த வேண்டும் என்பதால் 21.4 செ.மீ. முழுவதையும் அந்த 7.1-க்குள் அடைக்கிறது, அதையும் கிட்டத்தட்டச் சமமாக. எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி ஒல்லியாகிவிடும். கண் அதை "திரும்பிய உடம்பு" என்று படிக்காது, "அமுக்கிய படம்" என்றுதான் படிக்கும்.

கேமராவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே துணி ஏறக்குறைய முழு அகலத்தோடு தெரியும், பக்கத் தையலும் தெரியும், அதற்கு அப்பால் முதுகுத் துணி சுமார் 2 செ.மீ. எட்டிப் பார்க்கும். கேட்லாக் படத்தில் முதுகுப் பக்கமே இல்லை என்பதால் அந்த 2 செ.மீ.யை வேறு எங்கிருந்தாவது நிரப்பித்தான் ஆக வேண்டும். இதற்குப் பின்னால் வருகிறேன்.

நல்ல செய்தி என்னவென்றால் இந்தக் கணக்கு மிகச் சின்னது. ஒவ்வொரு பிக்சல் வரிசையிலும் உடல் மாஸ்க்கின் இடது ஓரம், வலது ஓரம் தெரிந்தால் போதும்.

```python
import numpy as np

a, b, theta = 16.0, 11.0, np.radians(40)
delta = np.arctan2(b*np.sin(theta), a*np.cos(theta))

p = np.radians(np.linspace(-150, 150, 1201))
s = np.cumsum(np.hypot(a*np.cos(p), b*np.sin(p))) * (p[1]-p[0])
s -= np.interp(0, p, s)          # 0 = button line

def column(x, xl, xr, cx, px_per_cm):
    t = np.clip((2*x - xl - xr) / (xr - xl), -1, 1)
    phi = np.arcsin(t) - delta
    return cx + px_per_cm * np.interp(phi, p, s)
```

theta என்பது திரும்பிய கோணம், x என்பது ஆள் படத்தின் பிக்சல், xl, xr இரண்டும் மாஸ்க்கின் ஓரங்கள், cx என்பது கேட்லாக் படத்தில் பட்டன் பட்டி இருக்கும் இடம், கடைசி எண் கேட்லாக் படத்தில் ஒரு செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்பது. நம் படத்தில் delta சரியாக 30 டிகிரி வரும். திரும்பக் கிடைப்பது, அந்த பிக்சலுக்குக் கேட்லாக் படத்தின் எந்த நெடுவரிசையை எடுக்க வேண்டும் என்பது. இதை `np.float32` ஆக்கி `cv2.remap`-க்கு map_x ஆகக் கொடுக்கலாம், எந்த வரிசையை எடுக்க வேண்டும் என்பது map_y. s என்பது பட்டன் பட்டியிலிருந்து துணியின் மேல் அளந்த தூரம், அது -21.4-க்குக் கீழேயோ, இடது பக்கம் திரும்பியவருக்கு 21.4-க்கு மேலேயோ போனால் அது முதுகுத் துணி, அந்த பிக்சல்களைக் காலியாக விட்டு மாஸ்க்கில் குறித்து வையுங்கள். குர்த்தி உடம்பைவிடக் கொஞ்சம் தொளதொளப்பாகத்தான் இருக்கும் என்பதால் a, b இரண்டையும் உடம்பின் அளவுக்கு வைக்காமல் துணியின் அளவுக்கு வையுங்கள், அதாவது கேட்லாக் குர்த்தியின் மார்பகலம் சுற்றளவில் பாதியாக வர வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆனது. உட்கார்ந்தவர் முழு உடம்போடு திரும்புவதில்லை. இடுப்பு நாற்காலி பார்க்கும் திசையில் இருக்கும், தோள் கேமராவைப் பார்த்துத் திரும்பும். இடுப்பில் 40 டிகிரி என்றால் தோளில் 20 தான் இருக்கும். 20 டிகிரிக்கு அதே கணக்கைப் போட்டால் பட்டன் பட்டி இடது ஓரத்திலிருந்து 62 சதவீதத்தில் வருகிறது. ஆக, பட்டி தோளில் 62-இல் தொடங்கி இடுப்பில் 75-இல் முடிய வேண்டும், வழியில் மெல்லச் சாய்ந்துகொண்டே. அதனால் theta-வை ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள், தோள் வரிசைக்கும் இடுப்பு வரிசைக்கும் தனித்தனியாகக் கொடுத்து நடுவில் படிப்படியாக மாற்றுங்கள்.

கோணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓப்பன்போஸ் தரும் இரண்டு தோள் புள்ளிகளின் தூரத்தை வைத்துக் கணக்கிடுவதை நான் நம்புவதில்லை, குறுகிய தோள் கொண்டவரையும் திரும்பியவரையும் அதனால் பிரிக்க முடியாது. டென்ஸ்போஸ் நல்லது. அது உடம்பை 24 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பகுதியின் எந்த இடம் என்று சொல்கிறது, உடலின் முன்பக்கமும் முதுகும் அதில் தனித்தனி. முன்பக்கத்தின் நடுக்கோடு எந்த பிக்சலில் விழுகிறது என்று பார்த்து, அது எத்தனை சதவீதம் என்பதிலிருந்து கோணத்துக்குத் திரும்பிப் போகலாம். ஆள் ஏற்கெனவே பட்டன் சட்டை போட்டிருந்தால் இன்னும் சுலபம், அந்தப் பட்டன்களே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து உட்காருவது. பலரும் திரும்புவதுதான் கஷ்டம், உட்காருவது வெறும் உயரக் குறைவு என்று நினைக்கிறார்கள். மேல்சட்டைக்கு ஓரளவு அப்படிச் சொல்லலாம், குர்த்திக்குச் சொல்லவே முடியாது. நம் 100 செ.மீ. குர்த்தியில் தோளிலிருந்து இடுப்பு மடிப்பு வரை, அதாவது தொடையும் வயிறும் சேரும் இடம் வரை, சுமார் 55 செ.மீ. போகும். அடுத்த 40 செ.மீ. தொடையின் மேல் படுக்கும். கடைசி 5 முழங்காலைத் தாண்டித் தொங்கும். நின்றபோது ஒரே சமதளமாக இருந்த துணி இப்போது மூன்று தளம், மூன்றும் வெவ்வேறு திசையில்.

நடுத் தளத்தைப் பாருங்கள். கேமரா 1.2 மீட்டர் உயரத்தில், ஆள் இரண்டரை மீட்டர் தள்ளி, மடி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் என்றால் கேமரா மடியைச் சுமார் 15 டிகிரி சாய்வில் பார்க்கிறது. ஆள் நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் தொடை மேல் கிடக்கும் 40 செ.மீ. துணி படத்தில் வெறும் 10, 11 செ.மீ. உயரத்துக்குள் தெரியும். கூடவே முழங்கால் கேமராவுக்கு 40 செ.மீ. அருகில் வந்துவிட்டதால் அந்த ஓரம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். திரும்பி உட்கார்ந்தால் இந்தச் சுருக்கம் குறைகிறது என்பதுதான் வேடிக்கை: 40 டிகிரி திரும்பிய தொடை படத்தில் சுமார் 27 செ.மீ. நீளத்துக்குத் தெரியும். அதாவது உடலுக்குத் திரும்புவது கஷ்டம், மடிக்கு நேராக உட்காருவதுதான் கஷ்டம். சோதனைப் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஜெயித்துவிட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு மடிக்கு என்ன வார்ப் என்பது பெரிய கேள்வியே இல்லை. இரண்டு தொடைக்கும் மேல் விரிந்த துணி ஏறக்குறைய ஒரு பலகை மாதிரிதான் இருக்கும், நடுவில் கொஞ்சம் பள்ளம். நான்கு மூலைகள் போதும்: இடுப்பு மடிப்பின் இரண்டு முனை, முழங்கால்களின் இரண்டு வெளி ஓரம். `cv2.getPerspectiveTransform` அதற்கென்றே இருக்கிறது. கேட்லாக் துணியில் 55-இலிருந்து 95 செ.மீ. வரை உள்ள பட்டையை எடுத்து அந்த நான்கு மூலைக்குள் போடுங்கள். கட்டங்கள் முழங்கால் பக்கம் பெரிதாகவும் மடிப்புப் பக்கம் சின்னதாகவும் தானே வரும். உடல் துண்டும் மடித் துண்டும் சேரும் இடத்தில் கோடு உடைந்து திசை மாறும், அதைப் பார்த்து மிருதுவாக்கப் போகாதீர்கள், உண்மையிலேயே அங்கே துணி மடிந்துதான் இருக்கிறது. அந்த மடிப்பின் மேல் மெல்லிய நிழல் ஒன்று விழுந்தால் போதும், நம்பும்படி ஆகிவிடும்.

எங்கள் தெருவில் இருக்கும் தையல்கார அக்காவிடம் இந்தப் படங்களைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்லிட் எங்கே தம்பி?" என்பதுதான். நான் ஸ்லிட்டைக் கவனித்திருக்கவே இல்லை. குர்த்தியில் பக்கவாட்டு ஸ்லிட் இடுப்புக்குக் கீழே தொடங்கும். உட்கார்ந்ததும் முன் துண்டு மடிமேல் போகும், பின் துண்டு நாற்காலியில் அமுங்கும் அல்லது பக்கத்தில் தொங்கும், நடுவில் லெகின்ஸ் தெரியும். திரும்பி உட்கார்ந்த படத்தில் கேமராவுக்கு அருகில் இருக்கும் தொடையின் வெளிப்பக்கம் முழுக்க இந்த இடைவெளிதான். ஆனால் பார்சிங் மாஸ்க் அங்கே "கீழாடை" என்று சொன்னாலும் வார்ப் துணியை அங்கே வரை இழுத்துக்கொண்டு போய்விடும். முன் துண்டைத் தொடையின் மேல் விளிம்போடு வெட்டுங்கள், பின் துண்டைத் தனி லேயராக வையுங்கள்.

லேயர் என்றதும் வரிசை. பின்னாலிருந்து முன்னால் வரும்போது முதலில் பின் துண்டு, அப்புறம் கேமராவுக்கு அப்பால் இருக்கும் ஸ்லீவ், உடல், மடி, அருகில் இருக்கும் ஸ்லீவ், அதற்கு மேல் ஆளின் சொந்தக் கையும் தலைமுடியும். ஸ்லீவ்களை மேல்கை, முழங்கைக்குக் கீழ் என்று இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் எலும்பின் திசையில் சுழற்றி நீட்டினால் பெரும்பாலும் போதும். 2023-இல் வந்த GP-VTON இதே யோசனையைக் கற்றுக்கொள்ளும் மாடலாகவே செய்தது: இடது ஸ்லீவ், உடல், வலது ஸ்லீவ் மூன்றையும் தனித்தனி ஃப்ளோவாக, அதாவது பிக்சலுக்குப் பிக்சல் நகர்வாக, வார்ப் செய்து பிறகு சேர்க்கிறது. கை உடம்பை மறைக்கும் படங்களில் ஒற்றை வார்ப் மாடல்களுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கழுத்தில் ஒரு சின்ன விஷயம்: கேட்லாக் படத்தில் பின் கழுத்தின் உட்புறமும் லேபிளும் தெரியும். அதை முன்கூட்டியே வெட்டாவிட்டால் ஆளின் தொண்டைமேல் லேபிள் தொங்கும், பார்க்கச் சகிக்காது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க குர்த்தியைப் போட்டுப் பார்க்காதீர்கள், பூப்போட்ட துணி எல்லாப் பிழையையும் மறைத்துவிடும். கேட்லாக் படத்துக்குப் பதிலாக அதே அளவில் கருப்பு வெள்ளைச் சதுரக் கட்டம் ஒன்றை அதே வார்ப்பில் அனுப்புங்கள். இடுப்பிலும் முழங்காலிலும் கோடு உடையலாம், ஓரத்தில் கட்டம் ஒல்லியாகலாம். நெஞ்சின் நடுவில் கோடு நெளிந்தால் அது பிழை. எண்ணாகவும் பார்க்கலாம்:

```python
dxy, dxx = np.gradient(map_x)
dyy, dyx = np.gradient(map_y)
det = dxx*dyy - dxy*dyx
```

ஆள் படத்தின் ஒரு பிக்சலுக்குள் கேட்லாக் படத்தின் எத்தனை பிக்சல் அடைக்கப்படுகிறது என்பதை det சொல்கிறது. இரண்டு படங்களும் ஒரே அளவுகோலில் இருந்தால் பட்டன் அருகே 1.3, ஓரத்துக்குப் போகும் வழியில் 3.7 என்று ஏறி, விளிம்பில் எங்கேயோ போய்விடும், அது சரிதான். எங்கேயாவது மைனஸ் வந்தால் துணி தன்மேலேயே மடங்கிக் கண்ணாடி பிம்பமாகிவிட்டது என்று அர்த்தம், எழுத்து போட்ட டீ-ஷர்ட்டில் எழுத்து இடம் வலமாக மாறி வருவது இதனால்தான். 3, 4-க்கு மேல் போகும் இடங்களில் நெருக்கமான கோடுகள் மினுமினுக்கும். `cv2.remap`-இல் `INTER_AREA` வேலை செய்யாது, அதனால் மூன்று மடங்கு பெரிதாக வார்ப் செய்துவிட்டு `cv2.resize`-இல் `INTER_AREA` போட்டுச் சிறிதாக்குங்கள்.

ACGPN மாடல் மாதிரி டிபிஎஸ் வார்ப்பின் மேல் கட்டுப்பாடு போட்டு ஒழுங்குபடுத்துவது உதவாதா என்று கேட்பீர்கள். நெளிவு குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு அடுத்தடுத்த கிரிட் இடைவெளிகள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்கிறது. திரும்பிய உடம்புக்கோ ஓரத்தில் இடைவெளி வேகமாகச் சுருங்குவதுதான் சரியான விடை. ஆக, நிற்கிற படத்தில் காப்பாற்றுகிற அதே விதி திரும்பிய படத்தில் தப்பான பக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நகர்வு கணிக்கும் ஃப்ளோ மாடல்களுக்கு இந்தச் சுதந்திரம் அதிகம், ஆனால் துணி பிரியும் இடங்களிலும் மறையும் இடங்களிலும் அவையும் இழுத்துத்தான் ஒட்டுகின்றன.

டிஃப்யூஷன் மாடல்கள் வெளிப்படையாக வார்ப் செய்வதையே விட்டுவிட்டன. 2023-இல் வந்த TryOnDiffusion, துணிப் படத்தையும் ஆள் படத்தையும் இரண்டு வலைப்பின்னல்களில் இணையாக ஓட்டி, எந்தத் துணி எங்கே என்பதை அட்டென்ஷன் வழியாகவே தீர்க்கிறது. உட்கார்ந்த படங்களில் நிழலும் மடிப்பும் இயல்பாக வருவதில் நம் கைக்கணக்கு இவற்றின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் இந்த வகை மாடல்களின் படங்களில் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். பட்டன் பட்டிக்கு இடது பக்கம் பத்து கட்டம் இருந்த துணியில் எட்டரை வரும், சின்ன எழுத்து வேறு ஏதோ எழுத்தாகும். பார்வைக்கு அழகு, விற்கிற துணிக்கு ஆகாது. அதனால் நான் செய்வது இரண்டும் கலந்தது: தெரிகிற துணியை மேலே சொன்னபடி கணக்காக வார்ப் செய்துவிட்டு, காலியாக விட்ட இடங்களை மட்டும், அதாவது அந்த 2 செ.மீ. முதுகுத் துணி, துண்டுகள் சேரும் இடங்கள், கை நகர்ந்ததால் வெளிப்பட்ட இடம் இவற்றை மட்டும், இன்பெயின்டிங் மாடலிடம் கொடுப்பது. மாஸ்க்கை இணைப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஐந்தாறு பிக்சல் அகலமாக்கினால் ஒட்டு தெரியாது, அதற்கு மேல் அகலமாக்கினால் கட்டங்களை அது தின்ன ஆரம்பித்துவிடும்.

எல்லை எங்கே என்று கேட்டால் 60 டிகிரியைச் சொல்வேன். அதே நீள்வட்டத்தை 60 திருப்பினால் தெரியும் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானது முதுகுத் துணி, 40-இல் அது பதினைந்தில் ஒன்றுதான். இரண்டு செ.மீ. பட்டையை ஊகித்து நிரப்பலாம், உடம்பில் ஐந்தில் ஒன்றை ஊகித்தால் அது வேறு குர்த்தி ஆகிவிடும். அங்கே பின்பக்கக் கேட்லாக் படத்தையும் கேட்டு வாங்கி, அதே கணக்கில் பக்கத் தையலிலிருந்து எதிர்ப்பக்கமாக எண்ணி எடுக்க வேண்டியதுதான். அப்புறம், அடுத்து யாராவது உங்களிடம் "சேலைக்கும் இதையே போட முடியுமா?" என்று கேட்பார்கள், என்னிடம் கேட்காதவர் இல்லை. முடியாது. குர்த்திக்கு வெட்டித் தைத்த வடிவம் ஒன்று இருக்கிறது, அதை வளைக்கிறோம். ஐந்தரை மீட்டர் சேலைக்கு வடிவமே கட்டும்போதுதான் வருகிறது, அதில் வளைப்பதற்கு முன்னால் மடிக்க வேண்டும்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு இப்போதைக்கு 5×5-ஐ அப்படியே விடுங்கள், ஸ்லீவ் துண்டுகளுக்கு அதுவே தாராளம். உடலுக்கு மேலே இருக்கும் பத்துப் பன்னிரண்டு வரி, மடிக்கு நான்கு மூலை. முதலில் சதுரக் கட்டத்தை ஓட்டி, பட்டன் பட்டி இடுப்பில் முக்கால் தூரத்தில் விழுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விழவில்லை என்றால் 90 சதவீதம் theta-வின் குறி மாறியிருக்கும், ஆள் இடது பக்கம் திரும்பியிருக்கும்போது மைனஸ் போட மறந்திருப்பீர்கள், நானும் அதைத்தான் மறந்தேன்.